வளைந்த மேற்கோள்குறியைப் பழைய சிஸ்டம் ஏற்காதபோது: எந்த வழி யாருக்கு?

வேர்டில் எழுதிய பட்டியலைப் பழைய சிஸ்டத்தில் ஏற்றினால் "செல்லாத எழுத்து" என்று திருப்பி அனுப்புகிறது. அல்லது ஏற்றுக்கொண்டுவிட்டு, அச்சில் `O’Ring` என்று இருக்க வேண்டிய இடத்தில் `Oâ€™Ring` என்று காட்டுகிறது. இதற்குத் தீர்வு தேடினால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்: வேர்டில் அந்த வசதியை நிறுத்து, வேறு என்கோடிங்கில் சேமி, தேடி மாற்று, ஒரு லைப்ரரி இருக்கிறது, நீயே ஒரு அட்டவணை எழுது. எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரியான வழிதான். எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு எல்லா வழிகளையும் அதன் மேல் ஓட்டிப் பார்ப்போம். சரக்குப் பட்டியலில் ஒரு பொருளின் விவரம் இது:

```
O’Ring “B” – 1½″, −5…60°C
```

ஏற்ற வேண்டிய சிஸ்டம், விவரத்துக்கு 40 பைட் மட்டும் ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு இந்த வரியில் இருப்பது 25 எழுத்து. ஆனால் யூடிஎஃப்-8இல் வளைந்த மேற்கோள், டேஷ், அங்குலக் குறி, கழித்தல் குறி, முப்புள்ளி ஆகியவை ஒவ்வொன்றும் மூன்று பைட். ½, ° இரண்டும் தலா இரண்டு பைட். கூட்டினால் 41 வருகிறது. அதாவது, சிஸ்டம் எந்த எழுத்தையும் எதிர்க்காமல் வாங்கிக்கொண்டாலும் கடைசி `C` வெட்டுப்படும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பொருள் மாறாமல் இருக்கிறதா என்பது. மேற்கோள் வளைந்திருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் −5 என்பது 5 ஆனால் அது வேறு தகவல்.

இரண்டாவது, எதிர்பாராத குறி ஒன்று வந்தால் அந்த வழி என்ன செய்கிறது? நின்று சொல்கிறதா, சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறதா? என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஏனென்றால் எல்லாக் குறிகளையும் முன்கூட்டியே யாராலும் நினைத்துவைக்க முடியாது.

மூன்றாவது, அகலம். `…` ஒரு எழுத்து, மாற்றினால் மூன்று. நிலையான அகலமுள்ள புலங்களில் இது கணக்கில் வரும். நான்காவது, இது ஒருமுறை வேலையா, வாராவாரம் வரும் வேலையா, அதைச் செய்யப்போவது யார் என்பது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கோப்பில் ஆஸ்கிக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். நோட்பேட்++இல் தேடல் முறையை ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு மாற்றி `[^\x00-\x7F]` என்று தேடலாம். லினக்ஸில் இப்படி:

```
LC_ALL=C grep -anP '[\x80-\xFF]' list.txt
```

கண்ணுக்குத் தெரியாதவையும் இதில் சிக்கும். உடையா இடைவெளி (`U+00A0`), அகலமில்லா இடைவெளி (`U+200B`), கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும் `U+FEFF` ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் வரி திரும்பி வந்தால், அநேகமாக இவற்றில் ஒன்று உள்ளே இருக்கும்.

## வழி 1: எதையும் மாற்றாமல், வேறு என்கோடிங்கில் சேமிப்பது

பலர் இதைப் பார்க்காமலேயே தாண்டிவிடுகிறார்கள். பழைய சிஸ்டம் என்றாலே ஆஸ்கி மட்டும்தான் என்று கிடையாது. ஆஸ்கி 1963இல் வந்தது, அச்சாகும் குறிகள் இடைவெளியையும் சேர்த்து 95தான். ஆனால் விண்டோஸ் காலத்துச் சிஸ்டங்கள் பலவும் விண்டோஸ்-1252 என்ற எட்டு பிட் என்கோடிங்கை எதிர்பார்க்கின்றன. அதில் வளைந்த மேற்கோள்கள் `0x91` முதல் `0x94` வரையிலும், டேஷ்கள் `0x96`, `0x97` இடங்களிலும், முப்புள்ளி `0x85`இலும் உட்கார்ந்திருக்கின்றன. ½, ° இரண்டுக்கும் இடம் உண்டு. எல்லாமே ஒற்றை பைட்.

நம் வரியில் 25இல் 23 எழுத்து அப்படியே இதற்குள் அடங்கிவிடும். வெளியே நிற்பவை இரண்டு: அங்குலக் குறி `″` (`U+2033`), உண்மையான கழித்தல் குறி `−` (`U+2212`). அந்த இரண்டை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

உங்கள் சிஸ்டம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. `â€™` என்று மூன்று எழுத்தாகக் காட்டினால், நீங்கள் அனுப்பியது யூடிஎஃப்-8, அது படித்தது விண்டோஸ்-1252. அப்படியானால் இந்த வழி கைகொடுக்க நல்ல வாய்ப்பு. நோட்பேடில் "சேவ் ஆஸ்" கொடுத்து என்கோடிங்கில் `ANSI` தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு சோதனை வரியை ஏற்றிப் பாருங்கள். முன்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோப்பு திடீரென்று போகவில்லை என்று சொல்பவர்களுக்கும் இது பொருந்தலாம்: 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் புதுக் கோப்புகளை யூடிஎஃப்-8ஆகச் சேமிக்கத் தொடங்கியது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. `ANSI` என்பது அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. எல்லாக் கணினியிலும் அது 1252ஆக இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, சிஸ்டம் உண்மையில் ஐஎஸ்ஓ 8859-1ஐப் பின்பற்றினால் `0x80` முதல் `0x9F` வரை அதற்குக் கட்டுப்பாட்டுக் குறிகள். அங்கே `0x85` என்றால் "அடுத்த வரி". முப்புள்ளி வரும் இடத்தில் பதிவு இரண்டு வரியாக உடைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

## வழி 2: எழுதும் இடத்திலேயே நிறுத்துவது

வேர்டில் `AutoFormat As You Type` பகுதியில் நேர் மேற்கோளை வளைந்ததாக மாற்றும் தேர்வையும், இரண்டு ஹைஃபனை டேஷாக மாற்றும் தேர்வையும் எடுத்துவிடலாம். ஐஃபோனில் விசைப்பலகை அமைப்பில் `Smart Punctuation` என்று இருக்கும். மேக்கிலும் விசைப்பலகை அமைப்பிலேயே இதற்கான தேர்வு உண்டு.

ஒருவர் மட்டும், ஒரே கணினியில் எழுதி ஏற்றுகிறார் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் இது இனிமேல் எழுதப்போவதற்கு மட்டும்தான். ஏற்கெனவே எழுதியது அப்படியே இருக்கும். இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டினால் பழைய கதைதான். °, ″ எல்லாம் எழுதுபவர் வேண்டும் என்றே போட்டவை, அவற்றை எந்த அமைப்பும் தடுக்காது. நாலு பேர் எழுதுகிறார்கள் என்றால், நாலாவது ஆள் புதுக் கணினி வாங்கிய அன்று தொல்லை திரும்ப வரும். ஆக, இதைச் செய்யுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

## வழி 3: தேடி மாற்றுவது

ஒருமுறைக்கு இது போதும். வேர்டில் ஒரு வசதி: தேடும் பெட்டியில் நேர் மேற்கோளைப் போட்டால் வளைந்ததையும் சேர்த்தே பிடிக்கும். எனவே முதலில் மேலே சொன்ன தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டு, `"` என்பதைத் தேடி `"` என்றே மாற்றினால் எல்லாம் நேராகிவிடும். நிறுத்தாமல் செய்தால் மாற்றியதே மறுபடி வளைந்துவிடும். "மாற்றினேன், மாறவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள்.

வாராவாரம் செய்யத் தொடங்கினால் இது சரிப்படாது. எட்டுக் குறியை மாற்ற வேண்டிய இடத்தில் ஒருநாள் ஏழை மாற்றியிருப்பீர்கள்.

## வழி 4: ஆயத்தக் கருவிகள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேடினால் முதலில் கிடைப்பது இந்த வகைதான், அதிக ஆபத்தும் இதில்தான்.

பைத்தானில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் ஒரு வரி இது:

```python
unicodedata.normalize("NFKD", s).encode("ascii", "ignore")
```

é போன்ற எழுத்தை e என்றும் குறி என்றும் பிரித்து, குறியை உதறிவிடும். அந்த வேலைக்கு நல்லது. நம் வரியைக் கொடுத்தால் கிடைப்பதைப் பாருங்கள்:

```
ORing B  112, 5...60C
```

ஒன்றரை அங்குலம் 112 ஆகிவிட்டது. காரணம், ½ என்பது `1⁄2` என்று பிரிகிறது. நடுவில் இருப்பது சாதாரணச் சாய்கோடு அல்ல, `U+2044`. ஆஸ்கி அல்லாததால் அது விழ, முன்னாலிருந்த 1உடன் 12 ஒட்டிக்கொண்டது. மேற்கோள்களுக்கும் டேஷ்களுக்கும் கழித்தல் குறிக்கும் பிரிவே கிடையாது, அதனால் அவை மொத்தமாகக் காணாமல் போயின. −5 டிகிரி இப்போது 5 டிகிரி. `10–12` என்று இருந்திருந்தால் `1012` ஆகியிருக்கும். இதில் எங்கும் பிழைச்செய்தி வராது. பழைய சிஸ்டமும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். திருப்பி அனுப்பிய கோப்பைவிட இது மோசம்.

`iconv` கட்டளை இதைவிடப் பரவாயில்லை:

```
iconv -f UTF-8 -t ASCII//TRANSLIT in.txt > out.txt
```

வளைந்த மேற்கோள், டேஷ், முப்புள்ளி போன்ற வழக்கமானவற்றை இது பொருத்தமான ஆஸ்கி வடிவத்துக்கு மாற்றும். மாற்றத் தெரியாத இடத்தில் பெரும்பாலும் `?` போடும். ஆனால் ஒரே கட்டளை எல்லா இடத்திலும் ஒரே விடை தராது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்ஸி வடிவத்தில் é என்பது டெர்மினலில் ஓட்டும்போது `e` ஆகும். அதே கட்டளையை `cron` மூலம் ஓட்டினால், அங்கே வட்டார அமைப்பு வெறும் `C` ஆக இருப்பதால், `?` ஆகிவிடும். வேறு சில கணினிகளில் உள்ள லிப்ஐகான்வ் வடிவம் அதையே `'e` என்று தரும். இதைப் பயன்படுத்துவதானால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கோப்பில் எத்தனை `?` இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் ஏதோ போயிருக்கிறது.

யூனிடீகோட் என்ற பைத்தான் லைப்ரரி மூன்றாவது ஆள். ° என்பதை `deg` என்றும் € என்பதை `EUR` என்றும் எழுத்தாக விரிக்கும். பொருள் காப்பாற்றப்படும், ஆனால் அகலம் கூடும். எந்த எழுத்துமுறையைக் கொடுத்தாலும் எதையாவது ரோமன் எழுத்தில் போட்டுத் தந்துவிடும் என்பது இதன் குணம். விவரத்தில் தமிழ்ப் பெயர் ஒன்று தவறுதலாக வந்திருந்தால், அதைப் படிக்க முடியாத ரோமன் கலவையாக்கி அனுப்பிவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதன் உரிமம் ஜிபிஎல் என்பதையும், வணிக மென்பொருளுக்குள் வைத்து விநியோகிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வகைக்கு உரிய இடம் இருக்கிறது: கோப்புப் பெயர், இணைய முகவரியின் வால், தேடல் குறியீடு. அதாவது யாரும் படித்து முடிவெடுக்காத இடங்கள். அளவும் வெப்பநிலையும் உள்ள புலங்களுக்கு அல்ல.

## வழி 5: சொந்த அட்டவணை, மீதி இருந்தால் நிற்கும் காவல்

ஒவ்வொரு குறிக்கும் என்ன வர வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்து எழுதுவது. கேட்கும்போது வேலை அதிகம்போலத் தோன்றும். உண்மையில் சாதாரண வணிகக் கோப்புகளில் மறுபடி மறுபடி வருவது சிறு பட்டியல்தான்.

```python
import csv

MAP = str.maketrans({
    "\u2018": "'", "\u2019": "'",
    "\u201C": '"', "\u201D": '"',
    "\u2013": "-", "\u2014": " - ",
    "\u2212": "-", "\u2026": "...",
    "\u00A0": " ", "\u200B": "",
    "\u00BD": " 1/2", "\u2033": " in",
    "\u00B0": " deg ",
})

with open("in.csv", encoding="utf-8-sig", newline="") as f, \
     open("out.csv", "w", encoding="ascii", newline="") as g:
    w = csv.writer(g)
    for row in csv.reader(f):
        w.writerow([c.translate(MAP) for c in row])
```

நம் வரி இப்போது இப்படி ஆகிறது:

```
O'Ring "B" - 1 1/2 in, -5...60 deg C
```

36 எழுத்து, 36 பைட். 40க்குள் அடங்கிவிட்டது. ½க்கு முன்னால் ஓர் இடைவெளி வைத்ததைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் `11/2` என்று பதினொன்றில் பாதியாகிவிடும். எம் டேஷுக்கு இருபுறமும் இடைவெளி வைத்ததும் காரணத்தோடுதான்: இரண்டு சொற்களை அது ஒட்டி நின்று பிரிக்கும்போது வெறும் ஹைஃபனாக மாற்றினால் கூட்டுச்சொல் மாதிரி ஆகிவிடும். என் டேஷ் எண் வரம்புகளில் வருவதால் ஹைஃபன் போதும். ஆனால் கழித்தல் எண்களுக்கு நடுவே அது வந்தால் `-10--5` என்று குழப்பும். அப்படிப்பட்ட புலங்களில் `to` என்று மாற்றிவிடுவது நல்லது.

இதில் உயிர்நாடி அட்டவணை இல்லை, `encoding="ascii"` என்ற சின்னச் சொல்தான். அட்டவணையில் இல்லாத குறி வந்தால் அது ஓட்டத்தையே நிறுத்தும். உதாரணமாக அங்குலக் குறியைச் சேர்க்க மறந்திருந்தால், `'\u2033' in position 21` என்ற வகையில் எந்தக் குறி, சுமார் எந்த இடம் என்று பிழைச்செய்தியிலேயே வரும். அதைப் பார்த்து ஒரு வரி சேர்த்தால் போதும். அப்படி நிற்கும்போது பாதி எழுதிய `out.csv` வட்டில் கிடக்கும். அதை ஏற்றிவிடாமல் இருக்க, ஓட்டம் முழுதாக முடிந்த பிறகே கோப்புக்கு உண்மையான பெயர் கொடுங்கள். `utf-8-sig` என்று படிப்பது, எக்ஸெல் யூடிஎஃப்-8 சிஎஸ்வியின் தலையில் சேர்க்கும் `U+FEFF`ஐ எடுத்துவிடும். முதல் நெடுவரிசையின் பெயரை மட்டும் சிஸ்டம் "தெரியாது" என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

இந்த வழியின் மறைந்த செலவு, பராமரிப்பு. சத்தம் போடும் நாளில் யாராவது இருந்து பதில் சொல்ல வேண்டும். நள்ளிரவில் தானாக ஓடும் வேலையாக இருந்தால், நின்றுபோன செய்தி யாருக்குப் போகும் என்பதையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

## எந்த வழியிலும் காலை வாரும் ஒரு விஷயம்

வளைந்த மேற்கோள், சிஎஸ்விக்கு வெறும் எழுத்து. நேர் மேற்கோள், சிஎஸ்வியில் எல்லைக்குறி. அதனால் புலத்தை மாற்றாமல், முடிந்த கோப்பின் மேல் தேடி-மாற்றினால், முன்பு ஒழுங்காக இருந்த இந்த வரி

```
1042,"O’Ring “B” – 1½″, −5…60°C",12
```

இப்படி ஆகிறது:

```
1042,"O'Ring "B" - 1 1/2 in, -5...60 deg C",12
```

படிக்கும் நிரல் `B`க்கு முன்னால் உள்ள குறியோடு புலம் முடிந்ததாக நினைக்கும். அடுத்து வரும் காற்புள்ளியில் நெடுவரிசைகள் நகர்ந்துவிடும். மேலே உள்ள நிரல் புலம் புலமாக மாற்றிவிட்டு, அப்புறம்தான் சிஎஸ்வியாக எழுதுகிறது. அதனால் உள்ளிருக்கும் மேற்கோள் `""B""` என்று முறைப்படி இரட்டிக்கப்படும். உங்கள் சிஸ்டத்துக்கு இந்த இரட்டிப்பு புரியாது என்றால், வளைந்த இரட்டை மேற்கோளையும் அட்டவணையில் ஒற்றை `'` என்றே மாற்றிவிடுங்கள். அங்குலக் குறிக்கு `"` போடாமல் `in` போட்டதும் இதற்காகத்தான்.

ஒற்றை மேற்கோளுக்கும் இதே மாதிரி ஒரு சங்கடம் உண்டு. வாங்கும் சிஸ்டம் எஸ்கியூஎல் கட்டளையைச் சரம் சரமாக ஒட்டித் தயாரிக்கும் பழைய ரகமாக இருந்தால், `O’Ring` அங்கே பிரச்சினையில்லாமல் போயிருக்கும், `O'Ring` முறித்துவிடும். சோதனை வரியில் ஒரு `'` கட்டாயம் இருக்கட்டும்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| வழி | பொருள் காக்குமா | புதுக் குறி வந்தால் | அகலம் | எப்போது தேர்ந்தெடுக்கலாம் |
|---|---|---|---|---|
| 1. என்கோடிங் மாற்றம் | முழுதும் | கருவியைப் பொறுத்தது. நோட்பேட் எச்சரிக்கும் | கூடாது | சிஸ்டம் விண்டோஸ்-1252ஐ ஏற்றால் |
| 2. எழுதும் இடத்தில் நிறுத்தம் | ஆம் | அப்படியே கடந்துபோகும் | கூடாது | ஒருவர், ஒரு கணினி |
| 3. தேடி மாற்றம் | கையைப் பொறுத்தது | அப்படியே கடந்துபோகும் | சற்றுக் கூடும் | ஒரே ஒரு முறை, சிறிய கோப்பு |
| 4. ஆயத்தக் கருவி | நம்ப முடியாது | விழுங்கும், `?` போடும், அல்லது ஊகிக்கும் | கருவியைப் பொறுத்தது | கோப்புப் பெயர், தேடல் குறியீடு |
| 5. சொந்த அட்டவணை | நீங்கள் சொன்னபடி | நின்று சொல்லும் | முன்பே தெரியும் | வாராவாரம், எண்களும் அளவுகளும் உள்ள கோப்பு |

என்னிடம் கேட்டால் வரிசை இப்படி: முதலில் ஒரு சோதனை வரியை விண்டோஸ்-1252இல் ஏற்றிப் பார்ப்பேன். போய்விட்டால் அதோடு விட்டுவிடுவேன். போகாவிட்டால், ஒருமுறை வேலைக்குத் தேடி-மாற்றம். திரும்பத் திரும்ப வரும் வேலைக்குச் சொந்த அட்டவணை. எழுதுபவர்களின் வேர்டில் தானியங்கி மாற்றத்தை நிறுத்தச் சொல்வது இரண்டோடும் சேர்த்துச் செய்யக்கூடியது. அட்டவணை சத்தம் போடும் நாட்கள் குறையும். எந்த வழியானாலும் மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். ஹைஃபனாகிவிட்ட டேஷ் எது, கழித்தல் எது என்று பின்னால் பிரித்துச் சொல்ல வழியில்லை.